பில்லின் ஒரு வரியிலிருந்து தொடங்கும் கணக்கு

2023 அக்டோபரைவிட 2024 அக்டோபரில் வியாபாரம் கூடியதா என்று ஒரு மளிகைக் கடைக்காரர் தன் பில்லிங் மென்பொருளில் தேடினால், உடனே ஒரு தொகை வரும். கூட்டலில் பிழை இருக்காது. ஆனாலும் அந்தத் தொகையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 2023இல் தீபாவளி நவம்பர் 12ஆம் தேதி வந்தது. பலகாரத்துக்கான எண்ணெய், கடலைமாவு, சர்க்கரையெல்லாம் பெரும்பாலும் நவம்பர் முதல் பத்து நாளில்தான் போயிருக்கும். 2024இல் தீபாவளி அக்டோபர் 31. பண்டிகைச் சரக்கு முழுவதும் அக்டோபருக்குள்ளேயே விற்றுவிட்டது. 2025இல் அக்டோபர் 20. இந்த மூன்று அக்டோபர்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் கடை வளர்ந்ததா என்று தெரியாது. பண்டிகை எங்கே நகர்ந்தது என்பதுதான் தெரியும்.

கடைக்காரர் உண்மையில் கேட்க நினைத்தது வேறு. தீபாவளிக்கு முந்தைய பத்து நாளில், எண்ணெயும் மாவும் மூன்று ஆண்டுகளிலும் எவ்வளவு விற்றன? இதற்கான விவரம் முழுவதும் அவருடைய பழைய பில்களிலேயே இருக்கிறது. பில் போடுவதற்கு வசதியாக அடுக்கி வைத்திருப்பதால் இந்தக் கேள்விக்கு அது பதில் தருவதில்லை. அதே விவரத்தைக் கேள்வி கேட்க வசதியாக மாற்றி அடுக்கும் முறைகளில் மிகப் பரவலானது ஸ்டார் ஸ்கீமா. பெரிய நிறுவனங்கள் பயன்படுத்துவதாகவே பலரும் இதைக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் இந்த முறையை உலகெங்கும் பரப்பிய அமெரிக்கர் ரால்ஃப் கிம்பல், 1996இல் வெளியிட்ட ‘தி டேட்டா வேர்ஹவுஸ் டூல்கிட்’ நூலில் இதை விளக்க எடுத்துக்கொண்டது பலசரக்குக் கடை வியாபாரத்தைத்தான். ஒற்றைக் கடைக்கும் இது அப்படியே பொருந்தும்.

பில்லிங் மென்பொருளின் வேலை வேறு. வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது விலையை எடுத்து, பில்லை அச்சடித்து, இருப்பைக் குறைக்க வேண்டும். அதற்கு இன்றைய விலை போதும். துவரம் பருப்பின் விலை மாறினால் பழைய விலையை அழித்துப் புதியதை எழுதுவார்கள். கவுண்டரில் அது சரி. இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பிப் பார்க்கும்போதுதான் சிக்கல் வரும். அதனால் பில்லிங் மென்பொருளில் கை வைக்காமல், ஒவ்வொரு இரவும் கடை சாத்திய பிறகு அன்றைய பில்களை ஒரு கோப்பாக இறக்கி, தனியான அறிக்கைக் கிடங்கில் சேர்க்கிறோம். இந்தக் கிடங்குக்கு இலவசமாகக் கிடைக்கும் எஸ்க்யூலைட் போதும். எக்ஸெலிலேயே செய்யலாமே என்றால், தொடக்கத்தில் செய்யலாம். நாளைக்கு 150 பில், பில்லுக்கு சராசரியாக 6 பொருள் என்று வைத்தால் தினம் 900 வரிகள். ஆண்டுக்கு 360 நாள் கடை திறந்தால் 3,24,000 வரிகள். எக்ஸெலின் ஒரு தாள் 10,48,576 வரிகளோடு நின்றுவிடும். நான்காவது ஆண்டின் தொடக்கத்திலேயே தாள் நிரம்பிவிடும்.

இந்தக் கிடங்கின் நடுவில் ஒரே ஒரு பெரிய அட்டவணை. அதற்கு ஃபேக்ட் அட்டவணை என்று பெயர். நடந்த விற்பனைகள் அதில் இருக்கும். அதைச் சுற்றிச் சில சின்ன அட்டவணைகள்: தேதி, பொருள், வாடிக்கையாளர். இவை டைமென்ஷன் அட்டவணைகள். எந்த நாள், எந்தப் பொருள், யார் வாங்கியது என்பதன் விவரங்கள் இவற்றில் இருக்கும். நடு அட்டவணையின் ஒவ்வொரு வரியும் சுற்றியுள்ள ஒவ்வொரு அட்டவணையிலும் ஒரு வரியைக் கைகாட்டும். படமாக வரைந்தால் நட்சத்திரம் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர்.

அட்டவணைகளை உருவாக்குமுன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நடு அட்டவணையில் ஒரு வரி என்றால் என்ன? ஒரு பில்லா, ஒரு நாளின் மொத்தமா, பில்லில் உள்ள ஒரு பொருளா? இங்கே தடுமாறினால் பிறகு கட்டுவதெல்லாம் தடுமாறும். பில்லுக்கு ஒரு வரி என்று வைத்தால் எண்ணெய் எவ்வளவு விற்றது என்று ஒருநாளும் கேட்க முடியாது. பில்லின் மொத்தத்துக்குள் எண்ணெய் கரைந்துவிடும். நாளுக்கு ஒரு வரி என்றால் எந்த வாடிக்கையாளர் என்பது போய்விடும். பில்லில் அச்சாகும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி என்று வைப்பதே சரி. அதைக் கூட்டிப் பில்லையும் பெறலாம், நாளையும் பெறலாம். மேலே இருக்கும் மொத்தத்திலிருந்து கீழே இறங்க வழியே கிடையாது. “ஒரு வரி என்பது ஒரு பில்லில் ஒரு பொருள் விற்றது” என்ற இந்த வாக்கியத்தை ஒரு தாளில் எழுதிக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கச் சொல்வேன். பின்னால் வரும் சந்தேகங்களில் பாதியை அது தீர்க்கும்.

ஒரு பில்லை எடுத்துப் பார்ப்போம். விலைகள் கணக்கு புரிவதற்காக நான் வைத்தவை. 2025 அக்டோபர் 18, சனிக்கிழமை. தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கிறது. பில் எண் 1187.

| பொருள் | அளவு | தொகை (ரூ.) |
|---|---|---|
| துவரம் பருப்பு 1 கிலோ | 2 | 320 |
| கடலை எண்ணெய் 1 லிட்டர் | 3 | 660 |
| நெய் 500 மி.லி. | 1 | 350 |
| பற்பசை | 2 | 170 |

மொத்தம் 1,500 ரூபாய். பழகிய வாடிக்கையாளர், பண்டிகை நேரம். கடைக்காரர் 60 ரூபாய் குறைத்து 1,440 வாங்கிக்கொள்கிறார். ஃபேக்ட் அட்டவணையில் இந்தப் பில் நான்கு வரிகளாக உட்காரும். ஒவ்வொரு வரியிலும் தேதி எண், பொருள் எண், வாடிக்கையாளர் எண், பில் எண், பிறகு அளவு, தொகை, தள்ளுபடி, வரி, கொள்முதல் அடக்கம். பொருளின் பெயரோ கம்பெனியோ இங்கே வராது. அவை டைமென்ஷன் அட்டவணையில் ஒரே ஒரு முறை இருந்தால் போதும்.

அந்த 60 ரூபாய் தள்ளுபடியை எங்கே எழுதுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அது எந்தப் பொருளுக்கும் உரியதில்லை, பில்லுக்கு உரியது. பில்லிங் மென்பொருளிலிருந்து இறக்கும் கோப்பில் பெரும்பாலும் ஒவ்வொரு வரியிலும் 60 என்றே அது திரும்பத் திரும்ப வரும். அதை அப்படியே ஏற்றிக் கூட்டினால் இந்தப் பில்லுக்கு மட்டும் தள்ளுபடி 240 ஆகிவிடும். முதல் வரியில் மட்டும் 60 போட்டு மற்றதில் பூஜ்யம் வைத்தால் மொத்தம் சரியாக வரும், ஆனால் துவரம் பருப்பில் மட்டும் தாராளமாகக் குறைத்து விற்றதாகப் பொருள்வாரி அறிக்கை சொல்லும். நாம் ஒட்டிவைத்த வாக்கியத்தின்படி ஒரு வரி ஒரு பொருளுக்கு என்பதால், தள்ளுபடியையும் பொருள் அளவுக்கு இறக்கிப் பிரிக்க வேண்டும். 1,500க்கு 60 என்பது 4 சதவீதம். பருப்புக்கு 12.80, எண்ணெய்க்கு 26.40, நெய்க்கு 14.00, பற்பசைக்கு 6.80. கூட்டினால் 60.

எல்லாப் பில்லும் இவ்வளவு சுத்தமாகப் பிரியாது. இதே பில்லில் தள்ளுபடி 50 ரூபாய் என்றால் 10.67, 22.00, 11.67, 5.67 என்று வரும், கூட்டினால் 50.01. அந்த ஒரு பைசாவைப் பெரிய தொகை உள்ள வரியில், அதாவது எண்ணெயில், குறைத்து 21.99 ஆக்கிவிட வேண்டும். ஒரு பைசாவுக்கு இவ்வளவு பாடா என்று தோன்றும். ஆனால் ஆண்டு முழுக்கச் சேர்ந்த பைசாக்கள் அறிக்கைக்கும் கல்லாவுக்கும் இடையே சில ரூபாய் வித்தியாசத்தைக் காட்டும். அப்போது அது பைசாவால் வந்ததா, விடுபட்ட பில்லால் வந்ததா என்று தேடி ஒரு மாலை முழுவதும் போகும்.

இனி தேதி. கணினிக்குத்தான் தேதி தெரியுமே, அதற்கென்று ஓர் அட்டவணை ஏன் என்று முதலில் தோன்றும். கணினிக்குத் தெரிவது ஜனவரி, பிப்ரவரி, கிழமை. கடை நடப்பது அந்தக் காலண்டரில் இல்லை. முகூர்த்த நாள், ஆடி மாதம், மார்கழி, சம்பளம் வந்த முதல் வாரம், ஊர்த் திருவிழா என்று அதற்கு வேறு காலண்டர் இருக்கிறது. தேதி அட்டவணையில் ஆண்டுக்கு 365 வரிகள்தான். ஒவ்வொரு நாளுக்கும் எதிரே கிழமை, தமிழ் மாதம், முகூர்த்தமா இல்லையா, கடை விடுமுறையா என்றெல்லாம் ஒரு முறை நிரப்பிவிட்டால் போதும். நாள்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓர் ஞாயிற்றுக்கிழமை மதியம் முடித்துவிடலாம். என் கருத்தில், சிறு கடைக்கு இந்த முறையின் மிகப் பெரிய ஆதாயம் இந்தச் சின்ன அட்டவணையில்தான் இருக்கிறது. கடைக்காரரின் மனதில் இருக்கும் காலண்டர் முதல்முறையாகக் கணக்குக்குள் வருகிறது.

அதில் ஒரு பத்தி, தீபாவளிக்கு எத்தனை நாள் இருக்கிறது என்பது. 2025 அக்டோபர் 18க்கு எதிரே 2 என்று இருக்கும். 2024 அக்டோபர் 29க்கும் 2, 2023 நவம்பர் 10க்கும் 2. இப்போது முதலில் சொன்ன கேள்வி இப்படி ஆகிறது:

```sql
SELECT d.deepavali_year, i.section,
       SUM(f.net_amount) AS sales
FROM fact_sales f
JOIN dim_date d ON d.date_key = f.date_key
JOIN dim_item i ON i.item_key = f.item_key
WHERE d.days_to_deepavali BETWEEN 1 AND 10
GROUP BY d.deepavali_year, i.section;
```

இந்த வரிகளை மேலிருந்து கீழாகப் படித்தால் கேள்வியே தெரியும். விற்பனையை எடு, தேதி விவரத்தோடும் பொருள் விவரத்தோடும் சேர், தீபாவளிக்கு 1 முதல் 10 நாள் முன்பு வரை உள்ளதை மட்டும் வை, ஆண்டுவாரியாகவும் பிரிவுவாரியாகவும் கூட்டு. 2023க்கு நவம்பர் 2 முதல் 11 வரை, 2024க்கு அக்டோபர் 21 முதல் 30 வரை, 2025க்கு அக்டோபர் 10 முதல் 19 வரை தானாகவே எடுத்துக்கொள்ளும். நாளை பொங்கலைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் தேதி அட்டவணையில் இன்னொரு பத்தி சேர்த்தால் போதும். நடுவில் இருக்கும் பல லட்சம் வரிகளில் ஒன்றையும் தொட வேண்டியதில்லை.

பொருள் அட்டவணைக்கு இன்னும் கொஞ்சம் நிதானம் வேண்டும். பொருளைப் பற்றிய விவரங்கள் மாறிக்கொண்டே இருப்பதுதான் காரணம். எது அந்தப் பொருளின் விவரம், எது அந்த விற்பனையின் விவரம் என்று பிரிக்கத் தெரிய வேண்டும்.

ஜிஎஸ்டியை எடுத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 22 முதல் பற்பசை, ஷாம்பூ, குளியல் சோப்பு போன்றவற்றின் வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரி இல்லாமல் 100 ரூபாய் ஆகும் ஒரு பற்பசையை ஆகஸ்டில் 118க்கு விற்ற கடை, அக்டோபரில் 105க்கு விற்றிருக்கும். இரண்டு மாதத்திலும் 200 டியூப் போனது என்று வைப்போம். ஆகஸ்டில் வந்த பணம் 23,600; அக்டோபரில் 21,000. வந்த பணத்தை மட்டும் பார்க்கும் அறிக்கை, பற்பசை விற்பனை 11 சதவீதம் விழுந்துவிட்டது என்று சொல்லும். உண்மையில் ஒரு டியூப்கூடக் குறையவில்லை. வரி நீங்கிய விற்பனை இரண்டு மாதத்திலும் 20,000தான். வரியைத் தனிப் பத்தியாக ஃபேக்ட் வரியிலேயே எழுதி, வரி நீங்கிய தொகையைத் தனியாக வைத்திருந்தால் இந்தப் பொய்ச் சரிவு தோன்றாது.

வரி விகிதம் பொருளின் விவரம்தானே, அதைப் பொருள் அட்டவணையில் வைத்து அவ்வப்போது கணக்கிட்டுக்கொள்ளலாமே என்று சிலர் நினைப்பார்கள். செப்டம்பர் 22 அன்று அங்கே 18ஐ அழித்து 5 என்று எழுதிய நொடியில், ஆகஸ்ட் கணக்கும் மாறிவிடும். ஆகஸ்டில் வந்த 23,600க்கு 5 சதவீதம் என்று பிரித்து, வரி 1,123.81, விற்பனை 22,476.19 என்று காட்டும். அந்த மாதம் கடைக்காரர் உண்மையில் கணக்கில் காட்டிய வரி 3,600. நடந்து முடிந்த ஒரு மாதத்தை ஒரு சின்னத் திருத்தம் திருப்பி எழுதிவிட்டது. ஆகவே விற்ற அந்த நிமிடத்தில் என்ன விலை, என்ன வரி, என்ன அடக்கம் என்பதெல்லாம் விற்பனை வரியோடு உறைந்து நிற்க வேண்டும். அடக்க விலையை இதில் மறக்கவே கூடாது. இன்றைய கொள்முதல் விலையை வைத்துப் போன ஆண்டின் லாபத்தைப் போட்டால், எண்ணெய் விலை ஏறிய ஆண்டில் பழைய லாபமெல்லாம் நஷ்டமாகத் தெரியும்.

லாபத்தையும் ரூபாயாகக் கிடைக்கும்படியே வைக்க வேண்டும், சதவீதமாக வைக்கக் கூடாது. ஒரு லட்சம் ரூபாய்க்கு விற்ற பருப்பில் 5 சதவீதம், 10,000 ரூபாய்க்கு விற்ற பற்பசையில் 15 சதவீதம் கிடைத்தால், சராசரி 10 சதவீதம் என்பது தவறு. லாபம் 5,000மும் 1,500மும் சேர்ந்து 6,500. மொத்த விற்பனை 1,10,000. கிடைத்தது 5.9 சதவீதம். ரூபாயைக் கூட்டி, கடைசியில் ஒரு முறை வகுத்தால் எப்போதும் சரியாக வரும்.

இனி உண்மையிலேயே பொருளைச் சேர்ந்த மாற்றங்கள். பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டின் பெயரும் மாறாது, விலையும் மாறாது. உள்ளே எடை மட்டும் 60 கிராமிலிருந்து 52 கிராமாகக் குறையும். கடையின் பில்லிங் மென்பொருளில் அதே குறியீடுதான் ஓடிக்கொண்டிருக்கும். பொருள் அட்டவணையில் 60ஐ அழித்து 52 என்று எழுதினால், போன ஆண்டு விற்ற பாக்கெட்டுகளும் 52 கிராமாகிவிடும். எழுதாமல் விட்டால் இந்த ஆண்டு பாக்கெட்டுகள் 60 கிராமாக நிற்கும். இதற்கு கிம்பல் தரும் வழி எளிமையானது. அழிக்காதே, புதிய வரி ஒன்றைச் சேர். பழைய வரிக்குப் பொருள் எண் 412 என்றால், அது செல்லுபடியாகும் கடைசித் தேதியை அதில் குறித்துவிட்டு, 52 கிராம் பாக்கெட்டுக்கு 1963 என்று புதிய எண்ணில் ஒரு வரி. கடையின் குறியீடு இரண்டிலும் ஒன்றே. நேற்று வரை விற்றவை 412ஐக் கைகாட்டும், இன்று முதல் விற்பவை 1963ஐ. பாக்கெட் கணக்கு வேண்டுமென்றால் கடைக் குறியீட்டை வைத்துக் கூட்டலாம், எடைக் கணக்கு வேண்டுமென்றால் அந்தந்த வரியின் எடையை எடுக்கலாம். பில்லிங் மென்பொருளின் குறியீட்டையே இணைப்புக்குப் பயன்படுத்தாமல் கிடங்குக்கென்று தனிப் பொருள் எண் வைக்கச் சொல்வது இதனால்தான்.

எல்லாத் திருத்தத்துக்கும் புதிய வரி தேவையில்லை. ‘கடலை எண்ணெய்’ என்பதைத் தட்டச்சில் தவறாக அடித்திருந்தால் அழித்து எழுதிவிடலாம். அந்தத் தவறுக்கு வரலாறு எதற்கு? பழைய விற்பனையைப் பழையபடி பார்க்க யாராவது விரும்புவார்களா என்று கேட்டுக்கொண்டால் முடிவு தெரிந்துவிடும். எடை மாறினால், சப்ளையர் மாறினால், கடையில் பொருளின் பிரிவு மாறினால் விரும்புவார்கள். எழுத்துப்பிழைக்கு யாரும் விரும்ப மாட்டார்கள்.

வாடிக்கையாளர் அட்டவணையில் ஒரு பொறி இருக்கிறது. மாதக் கணக்கு வைத்திருப்பவர்களின் பெயரும் தெருவும் தெரியும். ஆனால் கடைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் ரொக்கம் கொடுத்து வாங்கிக்கொண்டு போகிறவர்கள். பில்லில் பெயரே இருக்காது. ஃபேக்ட் வரியில் வாடிக்கையாளர் எண்ணை வெறுமையாக விட்டால், வாடிக்கையாளர் அட்டவணையோடு சேர்க்கும்போது அந்த வரிகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். மொத்த விற்பனை பாதியாகத் தெரியும். பிழை என்று கணினி எதுவும் சொல்லாது. ஆகவே வாடிக்கையாளர் அட்டவணையின் முதல் வரியாக, 0 என்ற எண்ணில், ‘பெயர் குறிக்காதவர்’ என்று ஒருவரை வைத்துவிட வேண்டும். பெயரில்லாத பில்லெல்லாம் அவர் கணக்கில் போகும். புதிதாக வந்து இன்னும் பொருள் அட்டவணையில் ஏறாத சரக்குக்கும் இதே மாதிரி ஒரு ‘வகைப்படுத்தாதது’ வரி வேண்டும்.

இந்தக் கிடங்கு சொல்வதை நம்பலாமா என்று தினமும் இரவில் பார்த்துக்கொள்ள ஒரு சோதனை போதும்.

```sql
SELECT SUM(net_amount) FROM fact_sales
WHERE date_key = 20251018;

SELECT SUM(f.net_amount) FROM fact_sales f
JOIN dim_date d ON d.date_key = f.date_key
JOIN dim_item i ON i.item_key = f.item_key
JOIN dim_customer c ON c.customer_key = f.customer_key
WHERE f.date_key = 20251018;
```

முதல் எண் நடு அட்டவணையில் மட்டும் கூட்டியது. இரண்டாவது, சுற்றியுள்ள மூன்றையும் சேர்த்துக் கூட்டியது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பில்லிங் மென்பொருள் காட்டும் அன்றைய வரி நீங்கிய விற்பனையோடும் ஒத்துப்போக வேண்டும். இரண்டாவது எண் குறைந்தால், ஏதோ ஒரு டைமென்ஷனில் வரி இல்லை என்று பொருள். கூடினால், ஒரே எண் அங்கே இரண்டு முறை ஏறியிருக்கிறது. விற்பனை வரி இரட்டிக்கிறது. இரண்டும் ஒத்துப்போய், பில்லிங் மென்பொருளின் எண்ணைப் போல இரு மடங்காக இருந்தால், அன்றைய கோப்பை யாரோ இரண்டு முறை ஏற்றிவிட்டார்கள். அந்த நாளின் வரிகளையெல்லாம் நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுவதுதான் இதற்கு நல்ல வழி. ஏற்றும் முறையையே ‘முதலில் அந்த நாளை நீக்கு, பிறகு ஏற்று’ என்று அமைத்துவிட்டால், எத்தனை முறை ஏற்றினாலும் கெடாது. திரும்பி வந்த சரக்கைப் பழைய வரியைத் திருத்திச் சரிசெய்யக் கூடாது. அது திரும்பிய தேதியில் கழித்தல் அளவோடு புதிய வரியாக ஏற வேண்டும்.

இந்த நட்சத்திரத்தால் சொல்ல முடியாதவையும் உண்டு. பணம் வந்த கதை அதில் இல்லை. அக்டோபர் 18இல் கடனுக்குப் போன சரக்குக்கு நவம்பர் 5இல் பாதி ரொக்கமாகவும் பாதி யுபிஐயாகவும் பணம் வரலாம். அந்தப் பணம் எந்தப் பொருளுக்கு என்று சொல்ல முடியாது என்பதால், ‘ஒரு வரி ஒரு பொருள்’ என்ற அட்டவணையில் அதற்கு இடமில்லை. வசூலுக்குத் தனி ஃபேக்ட் அட்டவணை வேண்டும். தேதியும் வாடிக்கையாளரும் அதே பழைய டைமென்ஷன்கள். இரண்டு ஃபேக்ட் அட்டவணைகளையும் நேராக ஒன்றோடொன்று சேர்க்கக் கூடாது. நான்கு பொருளும் இரண்டு வசூலும் சேர்ந்தால் எட்டு வரிகள் பிறந்து, விற்பனை இரட்டிப்பாகிவிடும். இரண்டையும் தனித்தனியாக வாடிக்கையாளர்வாரியாகக் கூட்டி, கூட்டிய பிறகு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

விற்காமல் போனதையும் இது சொல்லாது. அக்டோபர் 19 அன்று கடலைமாவு ஒரு வரிகூட இல்லை என்றால், யாரும் கேட்கவில்லையா, கேட்டும் சரக்கு இல்லையா என்று விற்பனை அட்டவணைக்குத் தெரியாது. அதற்கு இருப்பை எழுத வேண்டும்: ஒவ்வொரு இரவும், ஒவ்வொரு பொருளுக்கும், கையில் எவ்வளவு என்று ஒரு வரி. 1,500 பொருள் என்றால் தினம் 1,500 வரிகள். விற்பனை அட்டவணையைவிட வேகமாக வளரும். அதனால் சிறு கடைக்கு, வேகமாகப் போகும் 100, 150 பொருளுக்கு மட்டும் இதை வைப்பதே போதும் என்பது என் எண்ணம். இந்த அட்டவணையின் எண்களை ஒரே நாளுக்குள் பொருள்களுக்குக் குறுக்கே கூட்டி, கையில் இருக்கும் சரக்கின் மதிப்பைப் பெறலாம்; நாள்களுக்குக் குறுக்கே கூட்டக் கூடாது. கடையில் தினமும் 40 மூட்டை அரிசி இருந்தால் 30 நாளுக்கு 1,200 மூட்டை இருந்ததாக ஆகாது. மாதத்துக்குச் சராசரியை எடுக்க வேண்டும், அல்லது கடைசி நாளின் எண்ணை எடுக்க வேண்டும். கடலைமாவின் இருப்பு 18ஆம் தேதி இரவு பூஜ்யமாகவும், 19ஆம் தேதி விற்பனை வரி இல்லாமலும் இருந்தால், அடுத்த தீபாவளிக்கு எத்தனை மூட்டை கூடுதலாகச் சொல்லி வைக்க வேண்டும் என்று கணக்குப் போட, முந்தைய இரண்டு ஆண்டுகளின் அதே ‘1 நாள் முன்பு’ வரிகளை எடுத்துப் பார்க்கலாம்.